பாட்காஸ்ட் எபிசோட் தலைப்பும் குறிப்பும்: தேடுபவர் கையில் கிடைக்க எப்படி எழுதுவது?

கேள்வி: நானும் என் தங்கையும் வேளச்சேரியிலிருந்து சென்னை வாழ்க்கை பற்றித் தமிழில் ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறோம். வாடகை அட்வான்ஸ் திரும்பி வராதது பற்றி நல்ல உழைப்பில் ஒரு எபிசோட் செய்தோம். தலைப்பு "#23 நாலு சுவருக்கு நடுவே". ஸ்பாட்டிஃபையிலோ ஆப்பிளிலோ கூகுளிலோ எப்படித் தேடினாலும் அது வருவதில்லை. தலைப்பையும் கீழே போடும் குறிப்பையும் எப்படி எழுத வேண்டும் அண்ணா? தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?

பதில்:

உங்கள் தலைப்பு அழகாக இருக்கிறது. ஆனால் அதை ரசிக்கக்கூடியவர் ஏற்கெனவே உங்களைக் கேட்பவர் மட்டும்தான். மடிப்பாக்கத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஓனர் அட்வான்ஸைத் தராமல் இழுத்தடிக்க, ராத்திரி போனை எடுத்துத் தேடுகிறவர் "நாலு சுவர்" என்று தட்டமாட்டார். தலைப்பில் வாடகையும் இல்லை, அட்வான்ஸும் இல்லை, சென்னையும் இல்லை. தேடல் இயந்திரத்துக்கு அந்த எபிசோட் எதைப் பற்றியது என்று தெரிய வழியே இல்லை. ஒலிக்குள் நீங்கள் பேசியதை எல்லாத் தளமும் கேட்டுப் புரிந்துகொள்கிறது என்று நம்ப வேண்டாம். ஆப்பிள் 2024 மார்ச்சில் எபிசோடுகளுக்குத் தானாக எழுத்துவடிவம் தர ஆரம்பித்தபோது அதில் இருந்தவை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகிய நான்கு மொழிகள்தான். தமிழ் நிகழ்ச்சிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் எழுத்துதான் முகவரி.

முதலில் உங்கள் எபிசோட் உண்மையிலேயே பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். "நாலு சுவருக்கு நடுவே" என்ற முழுத் தலைப்பை அப்படியே ஒவ்வொரு செயலியிலும் தேடுங்கள். வந்தால், எபிசோட் ஏறியிருக்கிறது, சொற்கள்தான் பொருந்தவில்லை. அதற்குத்தான் கீழே சொல்வதெல்லாம். முழுத் தலைப்பைத் தட்டியும் வரவில்லை என்றால் கோளாறு, எபிசோடுகளைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் ஃபீடில் இருக்கிறது. வெளியீட்டுத் தேதி தவறி எதிர்காலத்தில் விழுந்திருக்கலாம், எபிசோட் வகை ட்ரெய்லர் என்று இருக்கலாம், அல்லது ஹோஸ்டிங் தளத்தில் "மறை" என்ற பொத்தான் தட்டப்பட்டு `<itunes:block>` என்ற வரி உள்ளே உட்கார்ந்திருக்கலாம். அந்த நிலையில் தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை.

இன்னொன்றையும் அப்போதே பாருங்கள். ஃபீடில் மொழி என்ன என்று போட்டிருக்கிறது? ஹோஸ்டிங் தளத்தில் கணக்கு தொடங்கும்போது மொழி ஆங்கிலம் என்று முன்பே தேர்வாகி இருக்கும், யாரும் கவனிக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள். அது `<language>ta</language>` என்று இருக்க வேண்டும்.

இப்போது தலைப்பு. ஒவ்வொரு இடமும் எதைப் படிக்கிறது என்று தெரிந்தால் எழுதுவது சுலபம். ஆப்பிள் தன் தேடலுக்கு மூன்று காரணிகளைச் சொல்கிறது: மெட்டாடேட்டா, பிரபலம், கேட்பவர்களின் நடத்தை. இதில் நம் கையில் இருப்பது முதலாவது மட்டும். அதிலும் நிகழ்ச்சியின் பெயர், நடத்துபவர் பெயர், எபிசோட் தலைப்பு இவற்றுக்குத்தான் கனம். அங்கே குறிப்பில் எழுதும் சொற்களை நம்பித் தேடலில் வர முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபை வேறு மாதிரி. 2022-இல் அவர்கள் எபிசோட் தேடலில் பொருளை வைத்துத் தேடும் முறையைக் கொண்டுவந்தார்கள். எபிசோடின் தலைப்பு, அதன் குறிப்பு, நிகழ்ச்சியின் பெயர், நிகழ்ச்சியின் விவரிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, தேடும் வாக்கியத்தோடு பொருள் ஒட்டுகிறதா என்று பார்க்கும் முறை அது. பழைய சொல்லுக்குச் சொல் தேடலும் கூடவே நடக்கிறது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலி 2024-இல் மூடப்பட்டுவிட்டதால், கூகுளில் தேடுபவரை அடைய இப்போது உங்கள் எபிசோட் இருக்கும் இணையப் பக்கமும் யூடியூபும்தான் முக்கிய வழி.

ஆகவே ஆப்பிளுக்காகத் தலைப்பைச் சரியாக எழுத வேண்டும், ஸ்பாட்டிஃபைக்காகக் குறிப்பையும் சேர்த்து எழுத வேண்டும், கூகுளுக்காக ஒரு பக்கம் வேண்டும். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: உங்களைக் கேள்விப்பட்டே இராத ஒருவர், தன் பிரச்சினையை எந்தச் சொல்லில், எந்த எழுத்தில் தட்டுகிறார்?

அதை ஊகிக்க வேண்டாம், பார்த்தே தெரிந்துகொள்ளலாம். போனில் ரகசியச் சாளரத்தைத் திறந்து, கூகுளிலும் யூடியூபிலும் பாதிச் சொல்லைத் தட்டி நிறுத்துங்கள். கீழே விழும் பரிந்துரைகள் பிறர் தேடியவற்றிலிருந்து வருபவை. "வாடகை அட்வா" என்று தமிழில் ஒரு முறை, `house advance` என்று ஒரு முறை, `vadagai advance` என்று ஒரு முறை. அப்புறம் மைக்கைத் தட்டிப் பேசியும் பாருங்கள். குரல் தேடலின் மொழி தமிழ் என்று இருந்தால் கூகுள் அதைத் தமிழ் எழுத்தில் மாற்றிக்கொள்கிறது. ஆனால் மொழி பேச்சு மொழியாகவே இருக்கும்: "வீட்டு அட்வான்ஸ் திருப்பி தரல என்ன பண்றது" என்று. வாடகை வீட்டில் இருக்கும் உறவினர், நண்பர்கள் சிலரிடம் வாட்ஸ்அப்பில் "இந்தப் பிரச்சினை வந்தா போன்ல என்னன்னு தேடுவீங்க, அப்படியே தட்டி அனுப்புங்க" என்று கேட்டாலும் நல்ல பட்டியல் கிடைக்கும். சென்னையில் யாரும் "பிணைத்தொகை" என்று தட்டமாட்டார்கள், "முன்பணம்" கூட அரிது. சட்டத்தில் என்ன சொல் இருந்தாலும் தலைப்பில் அட்வான்ஸ்தான் இருக்க வேண்டும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, தமிழா ஆங்கிலமா என்பது. இதில் என் முடிவு தெளிவானது: ஒரே தலைப்பில் இரண்டும் வேண்டும். தமிழ் முன்னால், ரோமன் எழுத்து பின்னால். சொல்லை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு "அட்வான்ஸ்" என்பதும் `advance` என்பதும் சம்பந்தமே இல்லாத இரண்டு எழுத்துச் சரங்கள். ஒன்றை மட்டும் போட்டால் மற்றதைத் தட்டுகிற பாதிப் பேரை இழக்கிறீர்கள்.

ஆனால் ரோமன் பகுதியில் என்ன எழுதுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தமிழ்ச் சொல்லை ரோமனில் எழுதிப் போடுகிறார்கள். வாடகை என்பதை `vadagai` என்று ஒருவர் தட்டுவார், `vaadagai` என்று ஒருவர், `vadakai` என்று இன்னொருவர். எதைப் பிடிப்பது? எல்லாவற்றையும் அடுக்கினால் தலைப்பு குப்பையாகிவிடும். ஆப்பிள் இப்படிச் சொற்களைத் திணிப்பதை வெளிப்படையாகவே எதிர்க்கிறது, நிகழ்ச்சியை நீக்கவும் செய்யலாம். அதனால் ரோமன் பகுதியில் எழுத்துக்கூட்டல் மாறாத ஆங்கிலச் சொற்களையே போடுங்கள்: `rent`, `advance`, `refund`. இந்த மூன்றையும் எல்லோரும் ஒரே மாதிரிதான் தட்டுவார்கள். `patta` போல ரோமனிலும் ஒரே வடிவத்தில் நிலைத்துவிட்ட தமிழ்ச் சொல் என்றால் அது விதிவிலக்கு.

தமிழ்ப் பகுதியில் வேறொரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது, ஏனென்றால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் சொற்கள் வேற்றுமை உருபு சேரும்போது உருமாறுகின்றன. "வீடு" என்று தேடுபவருக்கு "வீட்டில்" என்பது வேறு சரம். டு போய் ட்டி வந்துவிட்டது. "ஒப்பந்தம்" என்று தேடினால் "ஒப்பந்தத்தில்" பொருந்தாது. இன்னும் நுட்பமானது அட்வான்ஸ். கண்ணுக்கு "அட்வான்ஸை" என்பதில் "அட்வான்ஸ்" அடங்கியிருப்பது போலத் தெரியும். கணினிக்கு அப்படி இல்லை. ஸ் என்பதில் ஸகரமும் புள்ளியும் இரண்டு குறியீடுகள். ஸை என்று ஆகும்போது புள்ளி போய் அந்த இடத்தில் ஐகாரக் குறி வருகிறது. ஆகவே புள்ளியோடு முடியும் தேடுசொல், உருபு ஏறிய வடிவத்துக்குள் இல்லவே இல்லை. "வாடகை" மாதிரி உயிரில் முடியும் சொல்லுக்குப் பாதிப்பு குறைவு: "வாடகைக்கு" என்பதன் தொடக்கத்தில் "வாடகை" முழுதாகவே இருக்கிறது. கூகுள் இவற்றை ஓரளவு சமாளிக்கும். பாட்காஸ்ட் செயலிகள் அந்த அளவுக்குச் சமாளிக்கும் என்று எண்ணி எழுதாதீர்கள். முக்கியமான சொல் தலைப்பில் ஒரு முறையாவது உருபு இல்லாமல், வெறும் பெயராக நிற்கட்டும். "அட்வான்ஸைத் திரும்ப வாங்க" என்பதைவிட "வாடகை அட்வான்ஸ் திரும்ப வாங்குவது எப்படி" என்பது தேடலுக்கு நல்லது. படிக்கவும் நன்றாகவே இருக்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்து உங்கள் எபிசோடுக்கு நான் எழுதக்கூடிய தலைப்பு இது:

```
வாடகை அட்வான்ஸ் திரும்ப வாங்குவது எப்படி? | House rent advance refund, Chennai
```

வாடகை அட்வான்ஸ் என்ற இரண்டு சொல்லும் முதலில் வந்துவிட்டன. போன் திரையில் தலைப்பின் பின்பாதி வெட்டுப்பட்டாலும் விஷயம் தெரியும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, ஆங்கிலத் தலைப்பைவிடச் சீக்கிரம் வெட்டுப்படும். அதனால் நமக்கு இந்த முன்னுரிமை கூடுதலாகவே தேவை. யூடியூபில் தலைப்புக்கு 100 குறியீடு வரை இடம். இந்தத் தலைப்பு 78. தமிழ்ப் பகுதியில் இடைவெளி, கேள்விக்குறி நீங்கலாகக் கண்ணுக்கு 21 எழுத்துதான் தெரியும். கணினி துணைக்குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணுவதால் அதுவே 36 குறியீடு ஆகிறது. நீளத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், பதிவேற்றும் பெட்டியில் காட்டும் எண்ணைப் பாருங்கள்.

"#23" எங்கே போயிற்று? தலைப்பில் எண் வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது. எண்ணுக்கென்று தனி இடம் ஃபீடில் இருக்கிறது, ஹோஸ்டிங் தளத்தில் "எபிசோட் எண்" என்ற பெட்டியை நிரப்பினால் அது இப்படிப் போய் உட்காரும்:

```xml
<itunes:episode>23</itunes:episode>
<itunes:episodeType>full</itunes:episodeType>
```

தலைப்பின் முதல் இடம்தான் விலை உயர்ந்த இடம். அதைத் தேடுபவருக்குப் பொருளே இல்லாத ஓர் எண்ணுக்குக் கொடுப்பது எனக்கு மனசு கேட்பதில்லை. நிகழ்ச்சியின் பெயரை ஒவ்வொரு எபிசோட் தலைப்பிலும் மறுபடி ஒட்டுவதும் அப்படித்தான், அது ஏற்கெனவே பக்கத்திலேயே தெரிகிறது. விருந்தினர் பெயரைப் பொறுத்தவரை, மக்கள் பெயர் சொல்லித் தேடும் அளவுக்கு அறியப்பட்டவர் என்றால் தலைப்பில் வைக்கலாம். இல்லையென்றால் குறிப்பின் முதல் பத்தியில் அவர் என்ன தொழில் செய்கிறார் என்பதோடு வைப்பதே அவருக்கும் மரியாதை.

"நாலு சுவருக்கு நடுவே" என்ற பெயரை விட மனம் இல்லை என்றால், எபிசோடின் தொடக்கத்தில் உங்கள் குரலில் சொல்லுங்கள், அட்டைப் படத்தில் எழுதுங்கள். மேலும், எல்லா எபிசோடுக்கும் தேடல் தலைப்பு தேவையில்லை. நீங்கள் இருவரும் மழைக்காலத்து நினைவுகளைப் பேசிய எபிசோட் இருந்தால் அதை யாரும் கேள்வியாகத் தேடப்போவதில்லை. அதற்குக் கவித்துவமான தலைப்பே சரி. தகவல் தரும் எபிசோடுகளுக்கு மட்டும் இந்த உழைப்பு.

எபிசோடைவிட முன்பாகச் சரிசெய்ய வேண்டியது நிகழ்ச்சியின் பெயர். அது தமிழ் எழுத்தில் மட்டும் இருந்தால், யாரோ ஒருவர் வாயால் சொல்லிக் கேட்டுவிட்டு ரோமனில் தட்டுபவருக்கு நீங்கள் கிடைக்கமாட்டீர்கள். புது நிகழ்ச்சிக்கு வரும் தேடல்களில் பெரும்பங்கு இப்படிப் பெயர் கேள்விப்பட்டு வருபவைதான் என்பது என் அனுபவம். தமிழ்ப் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு, நீங்கள் வழக்கமாக எழுதும் ரோமன் வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள். நடத்துபவர் பெயர் என்ற பெட்டியில் உங்கள் இருவர் பெயரும் இருக்கட்டும். அதில் தேடுசொற்களைத் திணிக்க வேண்டாம்.

இப்போது குறிப்பு. எங்கே திறந்தாலும் முதல் இரண்டு வரிதான் முதலில் தெரியும், மீதி "மேலும்" என்பதற்குள் மறைந்திருக்கும். அந்த இரண்டு வரியில் நிறைய நிகழ்ச்சிகள் "வணக்கம் மக்களே, எங்களை இன்ஸ்டாகிராமில் பின்தொடருங்கள்" என்று போட்டு வீணாக்குகின்றன. அந்த இடத்தில் பிரச்சினையும் பதிலின் எல்லையும் இருக்க வேண்டும். உங்களுடையது இப்படித் தொடங்கலாம்:

```
வீட்டைக் காலி செய்த பிறகும் ஓனர் அட்வான்ஸ் திருப்பித் தரவில்லையா?
சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவர் கேட்கக்கூடியது என்ன, பெயின்ட்
செலவு என்று எவ்வளவு பிடிக்கலாம், புகார் எங்கே கொடுப்பது என்று பேசுகிறோம்.
```

தலைப்பில் இல்லாத சொற்கள் இதில் வந்திருப்பதைக் கவனியுங்கள்: ஓனர், காலி, பெயின்ட், புகார். இவையும் தேடப்படும் சொற்கள்தான். தலைப்பில் சொன்னதையே குறிப்பில் திருப்பிச் சொல்லாமல், அதே பிரச்சினையின் மற்றப் பெயர்களைக் குறிப்பு ஏந்த வேண்டும். ஸ்பாட்டிஃபையின் பொருள்வழித் தேடலுக்கு இதுதான் உணவு. வெறும் சொற்பட்டியலாகப் போடாமல் வாக்கியமாக எழுதினால்தான் அங்கே பொருள் பிடிபடும். கேட்கப்போகிறவரும் படித்துப் பார்த்து நம்புவார்.

அடுத்த பத்தியில் எபிசோடில் சொன்ன உறுதியான தகவல்களை எழுத்தில் கொடுங்கள். உதாரணமாக, தமிழ்நாட்டில் சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்பது அதில் இருக்கிறது, ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய `tenancy.tn.gov.in` என்ற அரசுத் தளம் இருக்கிறது. "சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்" என்று ஆர்வத்தைத் தூண்டி நிறுத்துவதைவிட, பதிலில் பாதியைக் குறிப்பிலேயே கொடுத்துவிடுவது நல்லது. பதில் கிடைத்துவிட்டால் கேட்கமாட்டார்களே என்று பயப்பட வேண்டாம். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தவருக்கு "மூன்று மாதம்" என்ற வரியைப் பார்த்ததும்தான் முழுதும் கேட்கத் தோன்றும். ஒப்பந்தம் பற்றிய அந்த நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். சுருக்குகிறேன் என்று அதை வெட்டினால் குறிப்பு பொய்யாகிவிடும்.

பிறகு நேரக்குறிகள். எபிசோடின் பகுதிகளை "அறிமுகம், பகுதி 1, பகுதி 2" என்று போடாமல், ஒவ்வொன்றையும் ஒருவர் கேட்கும் கேள்வியாக எழுதுங்கள்:

```
00:00 அட்வான்ஸ் திருப்பி தரல, என்ன பண்றது?
04:10 பெயின்ட் செலவு எவ்வளவு பிடிக்கலாம்?
11:35 வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு ஏன்?
19:20 புகார் மனு எங்கே, எப்படி?
```

முதல் வரியில் பேச்சு நடை இருப்பது வேண்டுமென்றேதான். குரலில் தேடுபவர் வாக்கியம் அதுவே. தலைப்பில் எழுத்து நடை, நேரக்குறியில் பேச்சு நடை என்று பிரித்துக்கொண்டால் இரண்டு வகையினரும் அகப்படுவார்கள், தலைப்பும் கண்ணியமாக இருக்கும். யூடியூபில் இந்த வரிகள் அத்தியாயங்களாக மாற, முதல் குறி 00:00-இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று குறிகள் ஏறுவரிசையில் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. இதில் ஒரு அபாயம் உண்டு: உங்கள் ஹோஸ்டிங் தளம் தானாக விளம்பரம் செருகுகிறது என்றால் எல்லா நேரமும் பின்னால் தள்ளிப்போகும். வெளியிட்ட பிறகு வேறொரு போனில் மூன்றாவது குறியைத் தட்டிக் கேட்டுப் பாருங்கள். வாக்கியத்தின் நடுவில் விழுந்தால் குறிகள் நகர்ந்துவிட்டன என்று அர்த்தம். சில விநாடி தள்ளினால் பரவாயில்லை, ஒரு நிமிடம் தள்ளினால் அந்தத் தளத்துக்கான குறிப்பில் நேரக்குறியை எடுத்துவிட்டுக் கேள்விகளை மட்டும் வைப்பது மேல்.

நீளத்தில் நமக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. நிகழ்ச்சியின் விவரிப்புக்கு ஆப்பிள் வைத்திருக்கும் எல்லை 4000 பைட். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு பைட், ஆகவே அது தாராளமான இடம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். "வாடகை" என்பதில் ஐந்து குறியீடு, 15 பைட். "அட்வான்ஸ்" என்ற ஒரு சொல்லுக்கே 27 பைட். இந்தக் கணக்கில் 4000 பைட்டுக்குள் ஏறக்குறைய 150, 160 தமிழ்ச் சொல்தான் அடங்கும். அதைத் தாண்டினால் கடைசிப் பகுதி காணாமல் போகலாம். முக்கியமானதை மேலே வை என்ற அறிவுரை நமக்கு மூன்று மடங்கு பொருந்தும். எபிசோட் குறிப்புக்கு இடம் அதிகம், இருந்தாலும் அங்கேயும் பைட் கணக்கு இதேதான்.

வடிவமைப்பில் ஆப்பிள் ஏற்பது பத்தி, பட்டியல், இணைப்பு ஆகியவைதான். தலைப்பு எழுத்துருவோ வண்ணமோ போட்டால் அங்கே தெரியாது. இணைப்பை "இங்கே தட்டவும்" என்பதில் மறைக்காமல், முகவரியே கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். சில செயலிகள் இணைப்பை உடைத்து வெறும் எழுத்தாகக் காட்டும், அப்போதும் படித்துத் தட்ட முடியும்.

கூகுளுக்கு, எபிசோடுக்கென்று உங்கள் சொந்தத் தளத்தில் ஒரு பக்கம் இருந்தால் நல்லது. பாட்காஸ்ட் செயலிக்கு எழுதிய குறிப்பையே அங்கே ஒட்டிவிட்டால் அது பத்து இடத்தில் இருக்கும் நகல்களில் ஒன்று. நேரக்குறியில் உள்ள ஒவ்வொரு கேள்வியையும் துணைத்தலைப்பாக்கி, எபிசோடில் நீங்கள் சொன்ன பதிலை இரண்டு மூன்று பத்தியாக அதன் கீழ் எழுதுங்கள். முழு உரையாடலையும் எழுத்தாக்கிப் போடுவதைவிட இதுதான் தமிழில் நன்றாக வேலை செய்கிறது. நம் பேச்சு எழுத்தில் அப்படியே வந்தால் படிக்கக் கடினம், யாரும் தங்கமாட்டார்கள்.

அந்தப் பக்கத்தின் முகவரியை மட்டும் ரோமனில் வையுங்கள். தமிழில் முகவரி வைப்பது தவறில்லை, தேடலும் அதை ஏற்கும். ஆனால் நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது `%E0%AE%B5` என்கிற மாதிரி விரிந்துவிடும். ஒரு குறியீட்டுக்கு ஒன்பது எழுத்து, "வாடகை" என்ற சொல் மட்டும் 45 எழுத்து. குடும்பக் குழுவில் அப்படி ஒரு இணைப்பு வந்தால் ஏதோ மோசடி என்று யாரும் தட்டமாட்டார்கள். `/rent-advance-refund` போதும்.

மாற்றிய பிறகு என்ன நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபீட் மாற்றம் செயலிகளில் ஏற ஒரு நாள் வரை பொறுங்கள். பின்பு உங்கள் கணக்கு இல்லாத ஒரு போனில் மூன்று விதமாகத் தேடுங்கள்: தமிழ் எழுத்தில், ஆங்கிலச் சொல்லில், பேச்சு வாக்கியத்தில். உங்கள் போனில் தேடினால் நீங்கள் அடிக்கடி கேட்பதாலேயே மேலே காட்டும், அதை நம்ப முடியாது. தளத்தின் பக்கத்துக்குக் கூகுள் சர்ச் கன்சோலில் இரண்டு எண்களைப் பாருங்கள், எத்தனை முறை தேடலில் தோன்றியது, எத்தனை பேர் தட்டினார்கள். தோன்றவே இல்லை என்றால் சொற்கள் பொருந்தவில்லை. தோன்றியும் தட்டவில்லை என்றால் சொற்கள் சரி, தலைப்போ முதல் வரியோ ஈர்க்கவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு, அதனால் எது என்று தெரியாமல் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு மாற்றத்துக்கு நாலைந்து வாரமாவது அவகாசம் கொடுங்கள். அங்கே தெரியும் தேடல் வாக்கியங்கள்தான் அடுத்த எபிசோடுக்கான தலைப்புகள். "லீஸ் வீடு பணம் திரும்ப" என்று நீங்கள் நினைத்தே பாராத ஒன்று அதில் வந்து நிற்கும்.

எதிர்பார்ப்பை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெறும் "வாடகை" என்றோ `Chennai` என்றோ தேடினால் நீங்கள் முதலில் வரமாட்டீர்கள். பிரபலமும் கேட்பவர் எண்ணிக்கையும் அங்கே முன்னால் நிற்கும், தலைப்பால் அதைத் தாண்ட முடியாது. ஆனால் "வாடகை அட்வான்ஸ் திரும்ப" மாதிரி மூன்று நான்கு சொல் சேர்ந்த தேடலில் தமிழ்ப் பாட்காஸ்ட் போட்டி மிகக் குறைவு. அங்கே சிறிய நிகழ்ச்சியும் முதலில் வரலாம்.

பழைய 22 எபிசோடுகளையும் ஒரே நாளில் மாற்றத் தோன்றும். அவற்றில் இன்றும் பதில் தேவைப்படும் கேள்விகளை, அதாவது மின் இணைப்புப் பெயர் மாற்றம், குடிநீர் வரி மாதிரியானவற்றை மட்டும் எடுத்து, வாரத்துக்கு இரண்டாக மாற்றுங்கள். மாற்றும்போது தலைப்பையும் குறிப்பையும் மட்டும் தொடுங்கள். எபிசோடை அழித்துவிட்டு மறுபடி ஏற்றக் கூடாது. ஃபீடில் ஒவ்வொரு எபிசோடுக்கும் `<guid>` என்று ஓர் அடையாளம் இருக்கிறது. மறுபடி ஏற்றினால் அது புதிதாகி, ஏற்கெனவே கேட்டவர்களுக்குப் பழைய எபிசோட் புதிதுபோல மறுபடி வந்து விழும். அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கையும் அந்த எபிசோடோடு போய்விடும். தளத்துப் பக்கத்தின் முகவரியை மாற்ற வேண்டியிருந்தால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திருப்பல், 301 என்பார்கள், அதைப் போட்ட பிறகே மாற்றுங்கள்.